ஆர்டர், விநியோகம், பில் பிரிவுகளில் மாற்றம்: ஏப்ரல் 1 முதல்

தேதி: 2 மார்ச் 2026
பெறுநர்: லெபோ பாசார் கடையிலும் பிறை கிடங்கிலும் ஆர்டர், விநியோகம், பில் வேலை பார்க்கும் பதினான்கு பேரும்

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகளுக்கு வணக்கம்.

இந்த மாற்றத்தால் யாருக்கும் வேலை போகாது, யாருடைய சம்பளமும் குறையாது. இரண்டு வாரமாகக் கிடங்கில் வேறு விதமாகப் பேச்சு அடிபடுவது என் காதுக்கும் வந்தது. நான் முன்பே சொல்லியிருந்தால் அந்தப் பேச்சே எழுந்திருக்காது. தாமதம் என்னுடையது.

தீவுக்கு ஓர் ஆர்டர் குழு, பெருநிலத்துக்கு ஓர் ஆர்டர் குழு என்று இதுவரை இருந்ததை ஏப்ரல் 1, புதன்கிழமை முதல் ஒரே குழுவாக்குகிறோம். லோரிகளும் அந்தக் குழுவின் கீழ் வரும். பில் வேலை கணக்குப் பிரிவுக்குப் போகும்.

ஏன் என்பதற்குப் போன தீபாவளிக்கு முந்தைய வாரம் நடந்ததையே சொல்கிறேன். புக்கிட் மெர்தாஜாமில் உள்ள வாழையிலை உணவகம் ஒன்று நாற்பது கிலோ மிளகாய் வற்றல் கேட்டது. முதலாளி கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அவருடைய தம்பி அதே ஆர்டரைக் கிடங்குக்குத் தொலைபேசியில் சொன்னார். கடையின் சிவப்பு அட்டைப் புத்தகத்தில் ஒரு பதிவு, கிடங்கின் புத்தகத்தில் இன்னொரு பதிவு. பாலத்து நெரிசலில் ஊர்ந்து வந்த தீவு லோரி மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பிய அரை மணி நேரத்தில் நம் இன்னொரு லோரி போய் நின்றது. சமையல்காரர்கள் இரண்டாவது சரக்கையும் இறக்கி ஐந்தடியில் அடுக்கிவிட்டார்கள். அன்றிரவு பெய்த மழையில் ஒரு மூட்டை அடிவரை நனைந்து பூசணம் பிடித்தது.

மூட்டை நஷ்டத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய தொல்லை பில்லில் வந்தது. போன ஆண்டு ஜூலை 1 முதல் நம் அளவு விற்பனை உள்ள நிறுவனங்களுக்கு மின்விலைப்பட்டியல் கட்டாயமாகிவிட்டது. உள்நாட்டு வருமான வாரியத்தின் தளத்தில் ஏறிவிட்ட பில்லை 72 மணி நேரத்துக்குள்தான் ரத்துசெய்ய முடியும். அதற்குப் பிறகு வரவுக் குறிப்பு எழுதித்தான் சரிசெய்ய வேண்டும். அந்த உணவகம் இரண்டு பில்லைக் கவனித்து நம்மைக் கூப்பிட்டது ஐந்தாம் நாள். பழைய காலத்தில் கார்பன் தாளோடு கிழித்துப் போட்டிருப்போம். இப்போது அது நடக்காது.

இதில் ஆர்டர் எழுதிய இருவர் மீதும் குற்றமில்லை. இரண்டு பேருமே தங்கள் புத்தகத்தில் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். இரண்டு புத்தகம் வைத்ததுதான் பிழை, அந்த ஏற்பாடு என்னுடையது.

இனி யார் யாரிடம் பொறுப்பு என்பது. கடையில் ஆர்டர் எடுக்கும் மூவர், கிடங்கில் எடுக்கும் இருவர், லோரி ஓட்டுநர்களும் உதவியாளர்களுமாக எழுவர், ஆகப் பன்னிரண்டு பேரும் ஜமால் அண்ணனின் கீழ் வருகிறீர்கள். விடுப்புக்கு மனு, மருத்துவ விடுப்புச் சான்று, மிகைநேரக் கணக்கு எல்லாம் அவரிடமே. பில் போடும் இருவரும் லெட்சுமி அக்காவின் கீழ் வருகிறீர்கள். ஒருவர் கடையிலும் ஒருவர் கிடங்கிலும் இப்போது உட்காரும் இடத்திலேயே இருக்கலாம். பில்லில் சந்தேகம் வந்தால் ஜமால் அண்ணனைக் கேட்காமல் லெட்சுமி அக்காவைக் கேளுங்கள். இருவரிடமும் கேட்டு இருவிதப் பதில் வாங்கினால் பழைய கதையே திரும்பும்.

சரவணன் தம்பி பார்த்துவந்த தீவு விநியோக மேற்பார்வையாளர் பதவி இனி இல்லை. இதை அவரிடம் போன வெள்ளிக்கிழமை நேரில் சொன்னேன். அவருக்கு அது எளிதாக இல்லை, எனக்கும்தான். அதே தரத்திலும் சம்பளத்திலும் கொள்முதல் வேலைக்கு வருகிறார். இந்தியாவிலிருந்து வரும் கொள்கலன்களைப் பட்டர்வொர்த் துறைமுகத்தில் விடுவிக்கும் வேலையும் அவருடையது. நேரடியாக என்னிடம் பொறுப்பு. தீவுக் கடைகளின் சந்துபொந்தெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அதனால் ஏப்ரல் முழுவதும் தினமும் காலையில் ஒரு மணி நேரம் ஜமால் அண்ணனோடு இருப்பார்.

இடம் மாறுவது கடையில் ஆர்டர் எடுக்கும் மூவர் மட்டும். உங்கள் மேசை பிறை கிடங்குக்குப் போகிறது. காலை 7.30க்கு லெபோ பாசாரிலிருந்து நம் வேன் புறப்படும், மாலையில் அங்கேயே கொண்டுவந்து விடும். வேனில் ஏறும் நேரத்திலிருந்தே வேலை நேரமாகக் கணக்கிடுவோம். வாரம் 45 மணி நேரத்துக்குள் அது அடங்க வேண்டும், மிஞ்சினால் வழக்கம்போல் ஒன்றரை மடங்கு. மோட்டார் சைக்கிளில் வர விரும்பினால் மாதம் 150 ரிங்கிட் பெட்ரோல் படி உண்டு. பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் டோல் இல்லை. உங்களில் ஒருவர் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருபவர், அவர் ஒன்பது மணிக்கு வரலாம். வேறு எந்தச் சிரமம் என்றாலும் மாறிய பிறகு சொல்லாமல் இந்த மாதத்துக்குள் சொல்லுங்கள்.

ஆர்டர் எல்லாம் ஒரே வாட்ஸ்அப் எண்ணுக்கு வரும். எண்ணைக் கடைகளுக்கு அச்சடித்துக் கொடுப்போம். ஆனாலும் பழகிய கடைக்காரர் இரவு பதினொரு மணிக்கு, 'தம்பி, சீரகம் பத்து கிலோ' என்று உங்கள் சொந்தத் தொலைபேசிக்கு அனுப்புவதை எந்தச் சுற்றறிக்கையும் நிறுத்தாது. கோபிக்க வேண்டாம். காலையில் அதைப் புது எண்ணுக்கு மாற்றி அனுப்பினால் போதும். உங்கள் புத்தகத்தில் மட்டும் எழுதாதீர்கள்.

சம்பளம், பணி ஆண்டுகள், ஆண்டு விடுப்பு நாள்கள், ஊழியர் சேமநிதி, சொக்சோ, தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் கொடுக்கும் போனஸ், ஊழியர் விலையில் மசாலைத்தூள்: எதிலும் மாற்றமில்லை. லோரித் தடங்களும் மாறவில்லை. ஓட்டுநரையும் உதவியாளரையும் ஜோடி பிரிக்கப்போவதில்லை. இதைத்தான் அதிகம் பேர் என்னிடம் கேட்டீர்கள். கடை முகப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கடிதத்தால் ஒன்றும் மாறாது.

தீவு லோரிகள் இரவில் எங்கே நிற்கும் என்பது இன்னும் முடிவாகவில்லை. ஜூன் வரை இப்போது நிற்கும் இடத்திலேயே நிற்கட்டும். அதற்குள் டீசல் கணக்கைப் பார்த்து ஓட்டுநர்களோடு பேசிவிட்டு முடிவெடுக்கிறேன்.

நோன்புப் பெருநாள் விற்பனை முடியும்வரை பழைய முறையே நடக்கும். புதிய பொறுப்பைக் குறிக்கும் கடிதம் ஒவ்வொருவருக்கும் தனியாக மார்ச் 16க்குள் வரும். படித்து, நியமனக் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். கேள்வி இருந்தால் கையெழுத்திடாமல் என்னிடம் வாருங்கள்.

மார்ச் 7, சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கிடங்கின் மேல்மாடியில் கூடிப் பேசுவோம். கடையிலிருந்து வருபவர்களுக்கு 9.15க்கு வேன் இருக்கும். நோன்பு வைத்திருப்பவர்கள் இருப்பதால் பலகாரம் வைக்கவில்லை. எல்லோர் முன்னாலும் கேட்கத் தயங்குவதை என் தொலைபேசிக்கு எழுதி அனுப்பலாம், பெயரைச் சொல்லாமல் பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
பொது மேலாளர்
லெபோ பாசார், பினாங்கு