காரணம் தெரியாமல் பிடித்த 590 ரூபாயைத் திருப்பிக் கேட்டு வங்கிக்கு ஒரு கடிதம்

தேதி: 23.06.2025

அனுப்புநர்
ச. மாலதி
சேமிப்புக் கணக்கு (கடைசி நான்கு எண்கள் 4471)

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்

பொருள்: 09.06.2025 அன்று என் கணக்கில் தவறாகப் பிடிக்கப்பட்ட ரூ. 590-ஐத் திருப்பி வரவு வைப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் பாஸ்புக்கில் ஜூன் 9ஆம் தேதி இப்படி ஒரு வரி அச்சாகியிருக்கிறது:

```
09-06-2025  CHRG/RTN/MISC  590.00 Dr
```

பணம் எதற்காகப் பிடிக்கப்பட்டது என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஒரு வரிதான். இரண்டு முறை போனில் கேட்டேன், ஒரு முறை கிளைக்கே நேரில் வந்தேன். இதற்கு மேல் யாராலும் எதுவும் சொல்ல முடியவில்லை. அதனால் இந்த வரியையே வைத்துக்கொண்டு என் பக்கம் நடந்ததைச் சரிபார்த்து எழுதுகிறேன்.

RTN என்பது ஏதோ ஒன்று திரும்பியதைக் குறிக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் திரும்பியது மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும்: நான் கொடுத்த செக், என் கணக்கில் போட்ட வேறொருவருடைய செக், இல்லையென்றால் மாதாமாதம் தானாகக் கழியும் தவணை.

நான் கடைசியாகக் கொடுத்த செக் 000214. அது ஜனவரியிலேயே பாஸாகிவிட்டது. பாஸ்புக்கில் பதிவு இருக்கிறது. அடுத்த தாள் 000215 இன்னும் கிழிக்கப்படாமல் என் செக் புத்தகத்திலேயே இருக்கிறது. இந்த வருடம் யாருடைய செக்கையும் என் கணக்கில் போடவில்லை. இந்த இரண்டையும் இத்துடன் விட்டுவிடலாம்.

மிச்சம் இருப்பது தவணை. என் கணக்கில் தானாகக் கழிவது ஒன்றே ஒன்று, ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி போகும் காப்பீட்டு பிரீமியம் ரூ. 2,450. ஜூன் 5 அன்று கணக்கில் ரூ. 19,312.40 இருந்தது. பிரீமியம் அன்றே கழிந்து ரூ. 16,862.40 மீதி நின்றது. அதே தேதியிட்ட ரசீதும் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து வந்துவிட்டது. 5ஆம் தேதிக்கும் 9ஆம் தேதிக்கும் நடுவில் வேறு வரவும் இல்லை, செலவும் இல்லை. 9ஆம் தேதி 590 கழிந்து ரூ. 16,272.40 ஆனது. பணம் இருந்தது, தவணை போனது, ரசீதும் வந்தது. இதில் திரும்பியது எது?

செக்கோ தவணையோ உண்மையிலேயே திரும்பியிருந்தால் காரணம் எழுதிய மெமோ வந்திருக்கும், இல்லையென்றால் பணம் போய்ச் சேராதவர்களாவது என்னைக் கேட்டிருப்பார்கள். இரண்டுமே நடக்கவில்லை. கட்டணம் பிடித்ததாக ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது. அதிலும் எதற்கு என்று இல்லை.

ஜூன் 12 அன்று வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசியவர், குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கான கட்டணம் என்றார். இருப்பு பதினாறாயிரத்துக்குக் கீழே போகவே இல்லையே என்றதும், வேறு துறைக்கு அனுப்புவதாகச் சொல்லிப் புகாராகப் பதிந்துகொண்டார். ஜூன் 16 அன்று மறுபடி கூப்பிட்டேன். எடுத்தவர் வேறொருவர். அவர் தவணை திரும்பியதற்கான கட்டணம் என்றார். எந்தத் தேதித் தவணை, யாருக்குப் போக வேண்டியது என்று கேட்டேன். “அது எங்க ஸ்க்ரீன்ல வரலை மேடம்” என்றார். ஒரே வரிக்கு இரண்டு பேர் இரண்டு காரணம் சொன்னார்கள். அன்று மாலையே, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்துவிட்டது. எப்படித் தீர்ந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அப்புறம் ஜூன் 18 அன்று கிளைக்கு வந்தேன். கவுண்டரில் இருந்த அலுவலர் பொறுமையாகவே கேட்டார், அதைச் சொல்லியாக வேண்டும். கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பாஸ்புக்கில் இருந்த அதே வரிதான் அங்கேயும் இருந்தது. “சிஸ்டமே பிடிச்சிருக்கு” என்றார். சிஸ்டம் பிடித்திருந்தாலும் அதற்கு அடிப்படையாக ஒரு பதிவு எங்காவது இருக்க வேண்டும் அல்லவா? அதைத்தான் கேட்கிறேன்.

என் ஊகம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இது ஊகம் மட்டுமே. 590 என்பது கட்டணம் 500, அதன் மேல் வரி 90 என்று சரியாகப் பிரிகிறது. தொகையில் கணக்குப் பிழை எதுவும் தெரியவில்லை. வேறொருவருடைய செக்கோ தவணையோ திரும்பி, அவருக்கான கட்டணத்தைப் பதியும்போது கணக்கு எண் மாறி என் தலையில் விழுந்திருக்கலாம். அன்றைய கட்டணப் பதிவை யார் போட்டார், யார் ஒப்புதல் கொடுத்தார் என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆகவே ரூ. 590-ஐ, வரியும் சேர்த்து முழுதாக, ஜூன் 9ஆம் தேதியிலிருந்தே கணக்கில் இருந்ததாகக் கொண்டு திருப்பி வரவு வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கட்டணத்தை மட்டும் கொடுத்துவிட்டு வரியை விட்டுவிட வேண்டாம். கட்டணமே தவறு என்றால் அதன் மேல் போட்ட வரியும் தவறுதான்.

பணத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது இன்னொன்று. தவணை திரும்பியதாக என் பெயரில் எங்காவது பதிவாகியிருந்தால், நாளை நான் கடன் கேட்டுப் போகும்போது அது எனக்கு எதிராக நிற்கும். அப்படி ஒரு பதிவு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நீக்கி, எழுத்தில் உறுதி தர வேண்டும். ரூ. 590-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தப் பதிவை அப்படியே விட்டுவிட்டால் என் குறை தீராது.

இல்லை, கட்டணம் சரிதான் என்பது வங்கியின் முடிவு என்றால், திரும்பியது எது, அதன் எண், தேதி, தொகை, திரும்பிய காரணம் ஆகியவற்றை எழுதி, எந்தக் கட்டண விதியின்படி பிடித்தீர்கள் என்பதற்கான பட்டியல் நகலையும் அனுப்புங்கள். அதைப் பார்த்து என் பக்கம் தவறு இருந்தால் ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. “விதிகளின்படி பிடிக்கப்பட்டது” என்ற ஒற்றை வரிப் பதில் மட்டும் வேண்டாம். ஒற்றை வரி ஏற்கெனவே ஒன்று என்னிடம் இருக்கிறது.

ஜூலை 7ஆம் தேதிக்குள் எழுத்தில் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். வராவிட்டால் இதே கடிதத்தை வங்கியின் தலைமை அலுவலகக் குறைதீர்ப்புப் பிரிவுக்கும், அங்கேயும் தீராவிட்டால் வங்கிக் குறைதீர்ப்பாளருக்கும் அனுப்புவேன். கிளையிலேயே முடிந்துவிட்டால் எல்லோருக்கும் அலைச்சல் மிச்சம்.

இந்தக் கடிதத்தின் இன்னொரு நகலையும் கொண்டுவந்திருக்கிறேன். அதில் இன்றைய தேதியுடன் கிளை முத்திரை வைத்துத் தரவும். என்னைத் தொடர்புகொள்ள வங்கியில் பதிவாகியுள்ள கைப்பேசி எண்ணே போதும். பேசுவதானால் மாலை 5 மணிக்கு மேல் வசதி. பேசினாலும் பதில் எழுத்தில் வர வேண்டும்.

இப்படிக்கு,
ச. மாலதி
(கையொப்பம் இடப்பட்டுள்ளது)

இணைப்பு: ஜூன் மாதப் பாஸ்புக் பக்கத்தின் நகல் (சம்பந்தப்பட்ட வரி பென்சிலால் கோடிடப்பட்டுள்ளது); ஜூன் 5 தேதியிட்ட பிரீமியம் ரசீதின் நகல்; செக் புத்தகத்தில் 000214-க்கான அடிக்கட்டையும் கிழிக்கப்படாத 000215-உம் தெரியும் படம்; ஜூன் 9 மற்றும் 16 தேதிகளில் வந்த குறுஞ்செய்திகளின் அச்சு.