கடை வாடகை நிலுவை குறித்த நினைவூட்டல் கடிதம்

கும்பகோணம்
08.01.2026

அனுப்புநர்
வே. கமலா,
கும்பேஸ்வரர் தெற்கு வீதி, கும்பகோணம்.

பெறுநர்
திரு. மு. செல்வகுமார்,
பாத்திரக் கடை, கடை எண் 4 (தரைத்தளம்),
பெரிய கடைத் தெரு, கும்பகோணம்.

பொருள்: கடை எண் 4-க்கான வாடகை மற்றும் பொது மின்கட்டண நிலுவை ரூ.53,400-ஐ 31.01.2026-க்குள் செலுத்தக் கோருதல்.

அன்புடையீர், வணக்கம்.

என் பெயரிலுள்ள மேற்படி கடையைத் தாங்கள் 01.06.2023 தேதியிட்ட மூன்றாண்டு வாடகை ஒப்பந்தப்படி அனுபவித்து வருகிறீர்கள். ரூ.12,000-ஆக இருந்த மாத வாடகை, ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர்வு என்ற நிபந்தனைப்படி 2025 ஜூன் முதல் ரூ.13,230-ஆக உள்ளது. ஒவ்வொரு மாத வாடகையையும் அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதும் அதே ஒப்பந்தத்தில் உள்ளதுதான். ஜூன் மாதம் வரை தங்கள் கணக்கில் பாக்கி ஏதும் இல்லை. அதன் பின்னர் வந்த தொகையும் நின்ற தொகையும் பின்வருமாறு:

2025 ஜூலை: வரவு ரூ.8,000, நிலுவை ரூ.5,230
ஆகஸ்ட்: வரவு இல்லை, நிலுவை ரூ.13,230
செப்டம்பர்: வரவு ரூ.13,230, நிலுவை இல்லை
அக்டோபர்: வரவு ரூ.6,000, நிலுவை ரூ.7,230
நவம்பர்: வரவு இல்லை, நிலுவை ரூ.13,230
டிசம்பர்: வரவு இல்லை, நிலுவை ரூ.13,230
வாடகை நிலுவை: ரூ.52,150
மாடிப்படி விளக்கு, தண்ணீர் மோட்டார் மின்கட்டணத்தில் தங்கள் பங்கு, ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை மாதம் ரூ.250 வீதம்: ரூ.1,250
மொத்தம்: ரூ.53,400 (ரூபாய் ஐம்பத்து மூவாயிரத்து நானூறு மட்டும்)

ஆகஸ்ட் வாடகைக்காக ரூ.10,000 கைப்பேசி வழியாக அனுப்பியதாகத் தாங்கள் சென்ற மாதம் தெரிவித்ததால், வங்கிக்குச் சென்று கணக்குப் புத்தகத்தில் பதிவு போட்டு வாங்கி வரிவரியாகப் பார்த்தேன். செப்டம்பர் வாடகை ரூ.13,230 வந்ததைத் தவிர, அந்த நாட்களில் தங்களிடமிருந்து வேறு வரவு எதுவும் அதில் இல்லை. தங்கள் வங்கியில் அந்தத் தொகை பற்று வைக்கப்பட்டிருந்தால் பரிவர்த்தனை எண்ணை எழுதி அனுப்புங்கள், உடனே கழித்துக் கொள்கிறேன். தீபாவளிக்கு முன்பு தங்கள் மகன் ரொக்கமாகக் கொடுத்த ரூ.6,000-க்கு, "அக்டோபர் வாடகைக் கணக்கில்" என்று எழுதி அவரிடம் கையொப்பம் பெற்ற ரசீதின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன்.

கொடுத்து வைத்துள்ள முன்பணம் ரூ.60,000-த்தில் பாக்கியைக் கழித்துக் கொள்ளும்படி தாங்கள் கூறியதை ஏற்பதற்கில்லை. அத்தொகை, கடையைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கும் நாளில் சேதாரமும் பாக்கியும் இருந்தால் கழித்து மீதியைத் திருப்பித் தருவதற்காக உள்ளது; கடை நடந்துகொண்டிருக்கும்போதே அதைக் கரைத்துவிட்டால் பிற்பாடு இருவருக்குமே பிடிமானம் இராது.

கடை வாசலில் வடிகால் வேலைக்காகத் தோண்டிப் போட்டிருந்த வாரங்களில் வியாபாரம் படுத்துவிட்டது என்பதை நானும் நேரில் பார்த்தவள். அதனால்தான் ஜூலை, ஆகஸ்ட் பாக்கிக்கு அப்போது நெருக்கவில்லை. ஆனால் வேலை முடிந்து, தீபாவளி வியாபாரமும் நடந்த பிறகு நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் ஒரு ரூபாய்கூட வராதது எனக்கு வருத்தமே. இக்கட்டடத்திற்கு மாநகராட்சியில் கட்ட வேண்டிய அரையாண்டுச் சொத்து வரியை இந்த வாடகையிலிருந்தே கட்டி வருகிறேன் என்பது தாங்கள் அறியாததல்ல.

ஆகவே மொத்த நிலுவை ரூ.53,400-ஐ 31.01.2026 சனிக்கிழமைக்குள் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். செப்டம்பர் வாடகையை அனுப்பிய அதே வங்கிக் கணக்கிற்கு அனுப்பலாம், அல்லது காசோலையாகவோ ரொக்கமாகவோ என் வீட்டில் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளலாம். பொங்கல் வியாபாரம் முடிந்ததும் 20-ஆம் தேதிக்குள் பாதியும், மீதியை 31-க்குள்ளும் தருவதானாலும் எனக்குச் சம்மதமே. அதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். 5.2.2026-க்குள் தர வேண்டிய ஜனவரி வாடகை இதில் சேராது.

தாமதத்திற்கு மாதம் 1 விழுக்காடு வட்டி வசூலிக்க ஒப்பந்தத்தில் இடம் இருந்தாலும், மேற்கண்ட தேதிக்குள் முழுத் தொகையும் வந்துவிட்டால் அதைக் கேட்க மாட்டேன். தவறினால் வட்டியுடன் சேர்த்துக் கணக்கிட்டு, வழக்கறிஞர் மூலம் முறைப்படியான கேட்பு அறிவிப்பு அனுப்ப நேரிடும். அந்த அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்திற்குள்ளும் இரண்டு மாத வாடகைப் பாக்கி தீர்க்கப்படாவிட்டால், தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி கடையைத் திரும்பப் பெற வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். இக்கடிதம் அந்த அறிவிப்பு அன்று, நினைவூட்டல் மட்டுமே. 31.05.2026-இல் முடியும் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பற்றியும் இந்தப் பாக்கி தீர்ந்த பிறகே பேச இயலும்.

கணக்கில் மாறுபாடு ஏதும் இருப்பதாகக் கருதினால், தங்களிடமுள்ள ரசீதுகளுடன் 18.01.2026 ஞாயிறு காலை வீட்டிற்கு வந்து சரிபார்த்துக் கொள்ளலாம்.

இப்படிக்கு,
(ஒப்பம்)
வே. கமலா

இணைப்பு: அக்டோபர் ரசீது நகல், வங்கிக் கணக்குப் புத்தகப் பக்க நகல்.
ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலில் அனுப்பப்படுகிறது.