புதன் (19.11.2025) காலை 8 மணி ரிசீவிங் ஸ்லாட்: சிவகாசி டைரி, காலண்டர் லோடு, 16 பாலெட்

வணக்கம் சார்,

2026 டைரி, தினசரி காலண்டர் முதல் லோடு நாளை செவ்வாய் மதியம் 2 மணிக்கு இங்கிருந்து கிளம்புகிறது. ஸ்ரீபெரும்புதூர் குடோனில் புதன் காலை 8 முதல் 10 வரை ஒரு டாக் ஒதுக்கித் தாருங்கள்.

வண்டி 32 அடி மல்டி ஆக்சில் கண்டெய்னர், TN 67 BX 4182. பின்கதவு மட்டும்தான், பக்கவாட்டில் திறக்காது. மொத்தம் 16 பாலெட், 546 பெட்டி, பாலெட்டோடு சேர்த்து சுமார் 9½ டன். இதில் டைரி 11 பாலெட், ஒவ்வொன்றிலும் 36 பெட்டி. காலண்டர் 5 பாலெட், ஒவ்வொன்றிலும் 30 பெட்டி. கடைகளுக்கு முதலில் போக வேண்டியது காலண்டர் என்பதால் அதைக் கதவுப் பக்கம் ஏற்றச் சொல்லியிருக்கிறேன். காலண்டர் பாலெட் மேல் வேறு பாலெட் வைக்க வேண்டாம், அட்டை மடங்கிவிடும். எல்லாமே 1200 x 1000 மரப் பாலெட், ஹேண்ட் பாலெட் டிரக் போதும்.

முக்கியமாக ஒன்று கேட்கிறேன் சார். ஐப்பசி, கார்த்திகை மழை உங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். சரக்கு முழுக்கக் காகிதம். ஸ்ட்ரெட்ச் ஃபிலிம் சுற்றி, மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டுத்தான் அனுப்புகிறோம். ஆனாலும் திறந்தவெளி யார்டில் இறக்கினால் அடிப்பெட்டிகள் ஈரம் இழுத்துவிடும். அதனால் கூரை உள்ள டாக்தான் வேண்டும். காலையில் அது காலி இல்லையென்றால் மதியம் 2 மணி ஸ்லாட் கொடுத்தாலும் சரி, வண்டி காத்திருக்கட்டும், ஹால்டிங் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மாலை மட்டும் வேண்டாம். ஒரகடம் ரோட்டில் ஷிப்ட் பஸ் கூட்டத்தில் வண்டி திரும்ப முடியாது.

திருச்சி, விழுப்புரம், செங்கல்பட்டு, சிங்கபெருமாள்கோவில், ஒரகடம் வழியாக வருகிறது. விடியற்காலை 6 மணிக்குள் கேட்டுக்கு வந்துவிடும். செங்கல்பட்டு தாண்டியதும் டிரைவர் உங்கள் செக்யூரிட்டிக்கு போன் செய்வார். காலை 7 மணிக்குள் செங்கல்பட்டு தாண்டவில்லை என்றால் உங்களுக்கு நானே சொல்லிவிடுவேன், ஸ்லாட்டை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடலாம்.

லோடு முடிந்ததும் இன்வாய்ஸ், இ-வே பில், பாலெட் வாரியான பேக்கிங் லிஸ்ட், சீல் நம்பர் எல்லாம் உங்கள் மெயிலுக்கு வந்துவிடும். சீலை உங்கள் ஆள் முன்னால்தான் உடைக்க வேண்டும். நனைந்த பெட்டியோ எண்ணிக்கைக் குறைவோ இருந்தால் எல்ஆர் காப்பியிலேயே எழுதி, போட்டோ எடுத்து, டிரைவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சென்ற லோடின் காலிப் பாலெட் 16-ஐயும் இதே வண்டியில் திருப்பி அனுப்ப முடிந்தால் டெலிவரி சலான் தயாராக வைத்திருங்கள்.

டாக் நம்பரை நாளை காலை 11 மணிக்குள் சொல்லிவிடுங்கள் சார், டிரிப் ஷீட்டில் எழுதி டிரைவரிடம் கொடுக்க வேண்டும்.

நன்றி,
டெஸ்பாட்ச் பிரிவு, சிவகாசி
17.11.2025