கார்லில் எதிர் கார்பாலிக் ஸ்மோக் பால் கம்பெனி: ஸ்லைடுகளிலிருந்து நம் குழுவுக்கான குறிப்பு

ஒப்பந்தச் சட்டம், மூன்றாவது வாரம். மொத்தம் 31 ஸ்லைடு. அதில் முதல் ஆறு விக்டோரியா காலத்து விளம்பரப் படங்கள், கடைசி நான்கு தீர்ப்பின் நீண்ட மேற்கோள்கள். பார்க்க நன்றாக இருக்கின்றன, தேர்வுத்தாளில் எழுத முடியாது. மிச்சமிருந்ததை பிரச்சினை, விதி, பொருத்துதல், முடிவு என்று பிரித்திருக்கிறேன். அடைப்புக்குறியில் இருப்பது ஸ்லைடு எண்.

நடந்தது (7–10)

1891 நவம்பர் 13 அன்று பால் மால் கெஸட்டில் ஒரு விளம்பரம். மூக்கில் புகையை இழுக்கும் கம்பெனியின் மருந்து உருண்டையை, அச்சிட்ட முறைப்படி, தினம் மூன்று வேளை, இரண்டு வாரம் பயன்படுத்திய பிறகும் இன்ஃப்ளுயென்ஸா வந்தால் 100 பவுண்டு பரிசு. சொன்னதைச் செய்வோம் என்பதற்கு அடையாளமாக ரீஜெண்ட் தெரு அலையன்ஸ் வங்கியில் 1000 பவுண்டு போட்டிருப்பதாகவும் அதிலேயே இருந்தது. திருமதி கார்லில் அதைப் படித்துவிட்டு ஒரு மருந்துக் கடையில் உருண்டையை வாங்கினார். நவம்பர் 20 முதல் 1892 ஜனவரி 17 வரை தினம் மூன்று வேளை பயன்படுத்தினார். அன்றைக்குத்தான் காய்ச்சல் பிடித்தது. கம்பெனி பணம் தர மறுத்தது. நீதிபதி ஹாக்கின்ஸ் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்க, கம்பெனி மேல்முறையீடு செய்தது.

அவர் வாங்கியது கடையில், கம்பெனியிடம் நேரடியாக அல்ல. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபயன், அதாவது வாக்குறுதிக்கு ஈடாக மற்றவர் கொடுத்தது எது என்ற கேள்வி வரும்போது தேவைப்படும்.

பிரச்சினை (11)

ஸ்லைடில் "ஒப்பந்தம் இருந்ததா?" என்று ஒரே வரி. அப்படி எழுதினால் எதற்குப் பதில் சொல்கிறோம் என்றே தெரியாது. உண்மையில் கேள்வி நான்கு: விளம்பரம் சட்டப்படி கட்டுப்படுத்தும் முன்மொழிவா, வெறும் வியாபாரப் பீற்றலா? பெயர் தெரியாத எல்லோருக்கும் முன்மொழிய முடியுமா? ஏற்றுக்கொண்டேன் என்று தெரிவிக்காமலே ஏற்பு முழுமையாகுமா? கார்லில் கொடுத்த மறுபயன் எது?

பந்தயம், காப்பீடு என்றும் கம்பெனி வாதாடிப் பார்த்தது (12). ஹாக்கின்ஸ் இரண்டையும் தள்ளினார், மேல்முறையீட்டு நீதிமன்றமும் பொருட்படுத்தவில்லை. விட்டுவிடலாம்.

விதி (13–18)

ஆறு ஸ்லைடில் மூன்று நீதிபதிகள் சொன்னதும் கலந்து கிடக்கிறது. பிரித்தால் இவ்வளவுதான்.

வாசகத்தைப் படிக்கும் சாதாரண மனிதர் அதை எப்படிப் புரிந்துகொள்வார் என்பதே அளவுகோல். எழுதியவர் மனதுக்குள் என்ன நினைத்தார் என்பது கணக்கில் வராது.

உலகத்தோரோடு ஒப்பந்தம் போட முடியாது, ஆனால் உலகத்தோருக்கு முன்மொழியலாம். யார் முன்வந்து நிபந்தனையை நிறைவேற்றுகிறாரோ அவரோடு மட்டும் ஒப்பந்தம் உண்டாகும். இது நீதிபதி போவன் சொன்னது, இந்த வழக்கின் உயிர்நாடி.

ஏற்பைத் தெரிவிக்க வேண்டும் என்பது பொது விதி. அந்த விதி முன்மொழிபவரின் நன்மைக்காக இருப்பதால், வேண்டாம் என்று அவரே விட்டுவிடலாம். வெளிப்படையாகச் சொல்லித்தான் விட வேண்டும் என்றில்லை, பேரத்தின் தன்மையிலிருந்தே அது தெரியலாம்.

மறுபயனுக்கு, கேட்டவரின் வேண்டுகோளின்பேரில் மற்றவர் பட்ட சிரமமே போதும். கேட்டவருக்கு ஒரு லாபம் இருந்தாலும் போதும்.

பொருத்துதல் (19–26)

பீற்றலா என்ற கேள்விக்கு வங்கியில் போட்ட 1000 பவுண்டே பதில். விளையாட்டுக்குச் சொல்பவர் பணத்தை ஒதுக்கிவைத்ததாக ஊரறிய எழுதமாட்டார். நீதிபதி லிண்ட்லி முக்கியமாகப் பிடித்துக்கொண்டது இதைத்தான். ஆகவே "விளம்பரம் முன்மொழிவுதான்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். சாதாரண விளம்பரம் முன்மொழிவு ஆகாது: 1968-இல் பார்ட்ரிட்ஜ் எதிர் கிரிட்டெண்டன் வழக்கில் பறவைகளை விற்பதாகக் கொடுத்த வரிவிளம்பரம் பேரம் பேச வரச்சொல்லும் வெறும் அழைப்பு என்றுதான் முடிந்தது. கார்லிலில் இருந்தது திட்டமான தொகை, திட்டமான செயல், அதன் பின்னால் வங்கிப்பணம்.

வாசகம் தெளிவில்லை, காய்ச்சல் எத்தனை நாளுக்குள் வர வேண்டும் என்றே சொல்லவில்லை என்பது கம்பெனியின் நல்ல வாதம். ஸ்லைடு 21 இதை ஒரே வரியில் தாண்டிவிடுகிறது, அது எனக்குச் சரியாகப் படவில்லை. நோய் பரவியிருக்கும் காலம் முழுக்கவா, பயன்படுத்திக்கொண்டிருக்கும் வரையா, விட்ட பிறகும் நியாயமான காலத்துக்குள்ளா என்று நீதிபதிகள் பல பொருள்களை எடைபோட்டார்கள். ஆனால் கார்லிலுக்குக் காய்ச்சல் வந்தது உருண்டையைப் பயன்படுத்திக்கொண்டிருந்தபோதே. எந்தப் பொருளை எடுத்தாலும் அவர் உள்ளே வந்துவிடுகிறார். தேதிகளைக் குறித்துவைக்கச் சொல்வது இதற்காகத்தான். தேர்வில் வரும் கதையில் மருந்தை நிறுத்தி மூன்று மாதம் கழித்து நோய் வந்தால், இந்த இடத்தில்தான் நீங்கள் வாதாட வேண்டியிருக்கும்.

தெரிவிப்புக்கு போவன் கொடுத்த உதாரணம் காணாமல் போன நாய். கண்டுபிடித்துக் கொண்டுவருபவருக்குப் பரிசு என்று ஒருவர் விளம்பரம் செய்தால், தேடக் கிளம்பும் ஒவ்வொருவரும் "நான் ஏற்றுக்கொண்டேன்" என்று முதலில் கடிதம் போட வேண்டுமா? வேண்டாம், நாய் கிடைத்ததே நிபந்தனை நிறைவேறியது. அதேபோல இங்கே உருண்டையைச் சொன்னபடி பயன்படுத்துவதே ஏற்பு. லிண்ட்லி இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்: முன்மொழிவு கடைசிவரை திரும்பப் பெறப்படவில்லை, ஆகவே நிபந்தனையை நிறைவேற்றிவிட்டேன் என்று சொல்லும்போதே ஏற்பும் தெரிவிக்கப்பட்டதாகிறது.

மறுபயனுக்கு ஸ்லைடு 24 "உருண்டையின் விலை" என்கிறது. அதை எழுதினால் மாட்டிக்கொள்வோம், ஏனென்றால் அந்தக் காசு போனது கடைக்காரருக்கு. விளம்பரம் கேட்டது வாங்குவதை அல்ல, பயன்படுத்துவதை. இரண்டு வாரம் தினம் மூன்று வேளை மூக்கில் கார்பாலிக் புகையை இழுப்பது கம்பெனி கேட்டுக்கொண்டதால் பட்ட சிரமம். மக்கள் நம்பிப் பயன்படுத்துவதால் விற்பனை கூடுவது கம்பெனிக்கு லாபம். இரண்டில் ஒன்று இருந்தாலே போதும், இங்கே இரண்டும் இருக்கின்றன.

முடிவு (27)

1892 டிசம்பர் 7 அன்று லிண்ட்லி, போவன், ஏ.எல். ஸ்மித் மூவரும் ஒருமனதாக மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்கள். ஒருவர் வாக்குக் கொடுக்க மற்றவர் செயலால் ஏற்கும் ஒருதலை ஒப்பந்தம் இருந்தது, கார்லிலுக்கு 100 பவுண்டு கிடைத்தது. மேற்கோள்: (1893) 1 கியூ.பி. 256. தீர்ப்பு 1892, அறிக்கை 1893. ஆண்டைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வெள்ளிக்கிழமை பேச ஒரு மாற்றுக் கதை

கார்லில் பத்து நாள் மட்டும் பயன்படுத்தியிருந்தால்? இரண்டு வாரம் ஆகவில்லை, நிபந்தனை நிறைவேறவில்லை, பரிசு கிடையாது. அது சுலபம். ஆனால் பத்தாவது நாளில் கம்பெனி "பரிசு ரத்து" என்று அறிவித்து, அவர் விடாமல் பதினான்கு நாளையும் முடித்திருந்தால்? தொடங்கிவிட்ட ஒருவரிடமிருந்து முன்மொழிவைப் பிடுங்க முடியுமா என்ற கேள்வியை கார்லில் தீர்க்கவில்லை. அதற்கு 1952-ஆம் ஆண்டு எர்ரிங்டன் எதிர் எர்ரிங்டன் வழக்கில் நீதிபதி டென்னிங் சொன்னதை எடுக்க வேண்டும்: செயலைத் தொடங்கிவிட்டால் திரும்பப் பெற முடியாது, பாதியில் கைவிட்டால் மட்டும் கட்டுப்பாடு போய்விடும். அது அடுத்த வார ஸ்லைடில் வருகிறது, அதன் குறிப்பை யார் எழுதுவது என்று வெள்ளிக்கிழமையே முடிவு பண்ணிக்கொள்வோம்.