சிங்கப்பூர் – பினாங்கு – பூக்கெட்: பிப்ரவரி 22–26 கப்பல் திட்டம்

அக்கா,

21-ஆம் தேதியே சிங்கப்பூர் போய்ச் சேர்ந்துவிடுங்கள். ஏறுகிற அன்று காலை விமானம் தாமதமானால் கப்பல் உங்களுக்காக நிற்காது. வெளியே போய்த் திரும்ப வருவதால் சிங்கப்பூர் விசா பல முறை நுழைய அனுமதிப்பதா என்று தாளில் பார்த்துக்கொள்.

கேபின்: 8-ஆம் தளம், கப்பலின் நடுப்பகுதி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பால்கனி அறை. ஆட்டம் அங்கேதான் குறைவு. 'கேரண்டி' கேபின் மலிவுதான், ஆனால் எந்த அறை என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். அப்பா அம்மா ஒரு கோடியில், நீயும் மாமாவும் மறு கோடியில் என்று ஆகிவிடும். உங்கள் அறைகளுக்கு மேலும் கீழும் கேபின்கள்தான். நீச்சல்குளத்துக்கு நேர் கீழே கிடைத்திருந்தால் விடியற்காலையிலேயே நாற்காலி இழுக்கிற சத்தத்தில் எழுந்திருப்பீர்கள்.

23, பினாங்கு, மதியம் 2 முதல் இரவு 9 வரை: டூர் எதுவும் வேண்டாம். ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் ஜார்ஜ் டவுன் நடக்கிற தூரம். குயீன் தெரு மாரியம்மன் கோயில், லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு, போதும்.

24, பூக்கெட், காலை 9 முதல் மாலை 6 வரை: இங்கேதான் கவனம். கப்பல் படோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரமிடும். சிறு படகில்தான் கரைக்குப் போகணும். கப்பலின் டூர் எடுத்தவர்களை முதலில் இறக்குவார்கள், மற்றவர்களுக்கு டோக்கன். படகு அலையில் ஏறி இறங்கும்போது கால் வைக்கணும், அப்பாவின் முழங்காலுக்கு அது சிரமம். அவர் கப்பலிலேயே இருக்கட்டும், அன்று கூட்டமும் குறைவு. நீங்கள் ஃபீஃபீ தீவு போவதானால் கப்பலின் டூரையே எடுங்கள். அவர்கள் டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வாட் சலோங் கோயில் என்றால் வெளி டாக்சியே போதும்.

கடிகாரத்தில் ஏமாந்துவிடாதே. கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும், கரையில் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறி ஒரு மணி பின்னால் காட்டும். கடைசிப் படகு 5 மணி என்றால் உன் போனில் அது 4. மாமா கையில் கடிகாரம் கட்டட்டும், அதை மாற்ற வேண்டாம்.

25 முழுக்கக் கடல். 26 காலை 7 மணிக்குச் சிங்கப்பூர். ஊருக்கு விமானம் மதியம் 1-க்கு மேல்.

டிக்கெட்டில் இல்லாத செலவு: டிப்ஸ் ஆளுக்கு ஒரு இரவுக்கு சுமார் 18 அமெரிக்க டாலர், நாலு பேருக்கு 288. கேட்காமலே உங்கள் கப்பல் கணக்கில் ஏறும். குளிர்பானம், தனிக் காபி எல்லாவற்றுக்கும் விலையோடு சேவைக் கட்டணமும் உண்டு. பஃபேயில் தண்ணீர், டீ இலவசம். வைஃபை வேண்டுமானால் ஒரே போனுக்கு மட்டும், ஏறுவதற்கு முன்பே வாங்கு. மற்ற போன்கள் ஏறியதும் ஏரோபிளேன் மோட். இல்லாவிட்டால் கப்பலின் நெட்வொர்க் ரோமிங்கில் பிடித்துக்கொள்ளும், அந்த பில்லைப் பார்த்தால் தலை சுற்றும். கப்பல் கணக்குக்கு டெபிட் கார்டு கொடுக்காதே. முன்பணமாகப் பிடித்துவைக்கும் தொகை விடுபடப் பல நாள் ஆகும். கிரெடிட் கார்டு கொடு.

அம்மாவுக்குச் சைவம் என்று புக்கிங்கிலேயே குறித்தாயிற்று. முதல் இரவு மேசையிலும் ஒரு தடவை சொல்லிவிடு.