பிறவி இதயக் குறைபாடுகள்: நீலம் பாரிக்காதவை, நீலம் பாரிப்பவை

பரீட்சைத் தாளில் ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள். ஆனால் குருதி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைத் தமிழில் யோசித்துவிட்டு எழுதினால் தவறு வராது. இரண்டாம் வருடத்தில் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்துபோய் வாய்மொழிப் பரீட்சையில் விழித்துக்கொண்டு நின்றவன் என்ற அனுபவத்தில் சொல்கிறேன்.

அட்டனிலும் நுவரெலியாவிலும் மார்கழிக் காலையில் எந்தக் குழந்தையின் விரல் நுனியும் நீலமாகத்தான் இருக்கும். அது குளிரில் தோல் குழாய்கள் சுருங்குவதால் வரும் புற நீலம். நாக்கைப் பாருங்கள். நாக்கும் நீலமென்றால் அது மைய நீலம். இதயத்தையோ நுரையீரலையோ சந்தேகிக்க வேண்டும். இன்னொன்று: ஒட்சிசன் இழந்த ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 5 கிராம் சேர்ந்தால்தான் நீலம் கண்ணுக்குத் தெரியும். இரத்தச்சோகையுள்ள குழந்தையில் அந்த அளவு எளிதில் சேராது. ஆகவே நீலம் தெரியவில்லை என்பதற்காக ஒட்சிசன் போதுமென்று எழுதிவிடாதீர்கள்.

நீலம் பாரிக்காதவை: ஷண்ட் இடமிருந்து வலம்

இடப்பக்க அமுக்கம் கூடியது. துளை இருந்தால் ஒட்சிசன் ஏற்றிய குருதி வலப்பக்கம் ஒழுகி, மீண்டும் நுரையீரலுக்கே போகும். இந்த ஒழுக்குத்தான் ஷண்ட். நுரையீரலில் வெள்ளம், உடலில் நீலமில்லை. இதயவறைப் பிரிசுவர்த் துளையான வி.எஸ்.டி., சோணையறைப் பிரிசுவர்த் துளையான ஏ.எஸ்.டி., பிறந்த பின்னும் மூடாத நாடிக்கானான பி.டி.ஏ. மூன்றும் இங்கே வரும். டவுன் கூட்டறிகுறியோடு அடிக்கடி காணும் சோணை-இதயவறைப் பிரிசுவர்க் குறைபாடும் இங்கேதான்.

வி.எஸ்.டி.யைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் வினாக்களும் அங்கேதான் நிற்கின்றன. பிறந்த அன்று பெரிய துளையில்கூட முணுமுணுப்புக் கேட்காமல் போகலாம். காரணம், பிறந்தவுடன் நுரையீரல் குழாய்களின் தடை இன்னும் உயர்வாக இருக்கிறது. சில வாரங்களில் அந்தத் தடை இறங்க இறங்க ஷண்ட் பெருகும், முணுமுணுப்புக் கேட்கும். பால் குடிக்கும்போது வியர்ப்பதும் மூச்சு வாங்குவதும் பாதியில் விட்டுவிடுவதும் தொடங்கும். எந்த அறை பெருக்கும் என்று கேட்டால் பலர் வலது என்பார்கள். தவறு. நுரையீரல் சுற்றி வந்த மேலதிகக் குருதி சேருவது இடது சோணையறையிலும் இடது இதயவறையிலும். ஆகவே பெருப்பவை அவையே. ஏ.எஸ்.டி.யில் மாத்திரம் வலப்பக்கம் பெருக்கும். இரண்டாம் இதய ஒலி மாறாத பிளவோடு கேட்கும்.

பி.டி.ஏ.யில் ஷண்ட் தொகுதிப் பெருநாடியிலிருந்து நுரையீரல் நாடிக்கு. இரு இதயத்துடிப்புக் கட்டங்களிலும் அமுக்க வேறுபாடு இருப்பதால் முணுமுணுப்பு நிற்பதில்லை. தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திர இரைச்சல் என்று நினைத்துக்கொள்ளுங்கள், பாடநூலும் ‘இயந்திர’ முணுமுணுப்பு என்றே சொல்கிறது. தாய்க்குக் கர்ப்ப காலத்தில் ருபெல்லா வந்த வரலாற்றைக் கேட்கவும்.

பெருநாடிக் குறுக்கம், பெருநாடி வால்வுச் சுருக்கம், நுரையீரல் வால்வுச் சுருக்கம் ஆகியவற்றில் ஷண்ட் இல்லை, அடைப்பு மட்டுமே. குறுக்கத்தில் தொடை நாடித் துடிப்பைத் தொட்டுப் பார்த்ததாக எழுதுங்கள், மறப்பவர்கள் அதிகம்.

நீலம் பாரிப்பவை: ஷண்ட் வலமிருந்து இடம், அல்லது கலப்பு

இவற்றுள் மிக அதிகமாகக் காண்பது ஃபலோவின் நாற்கூறு. 1888இல் ஃபலோ விவரித்தது. நான்கு கூறுகள்: நுரையீரல் வெளிவழிச் சுருக்கம், வி.எஸ்.டி., பிரிசுவரின் மேல் ஏறி அமரும் பெருநாடி, வலது இதயவறைத் தடிப்பு. உடற்கூற்றியல் தாளில் இதை ஒரே பிழையாகச் சொன்னால் பரீட்சகர் மகிழ்வார்: கருவில் வெளிவழிப் பிரிசுவர் முன்புறமாக விலகியதுதான் மூலம், மற்றவை அதன் விளைவு. சுருக்கம் எவ்வளவோ அவ்வளவு நீலம்.

நடந்து வந்த குழந்தை திடீரென்று குந்திக்கொள்வது ஏன்? குந்தும்போது உடற்குழாய்களின் தடை கூடுகிறது. பெருநாடிக்குள் தாவப் பார்த்த குருதி நுரையீரல் பக்கம் திரும்புகிறது. திடீரென்று நீலம் கூடும் தாக்கம் வந்த குழந்தையின் முழங்காலை மார்போடு மடிக்கச் சொல்வதும் இதே கணக்கு. முணுமுணுப்பு வருவது சுருக்கத்திலிருந்து. தாக்கத்தின்போது அது மெலிந்தால் நல்ல செய்தியல்ல.

பெருநாடியும் நுரையீரல் நாடியும் இடம்மாறினால் இரு சுற்றோட்டங்களும் தனித்தனியே ஓடும். கலக்க ஒரு வழி இல்லையென்றால் உயிரில்லை. ஆகவே நாடிக்கான் மூடாதிருக்கப் புரொஸ்டகிளாண்டின் E1 கொடுக்கிறோம். முதல் நாட்களிலேயே நீலம் என்றால் இதை முதலில் நினையுங்கள். முக்கூர் வால்வு இன்மை, பொதுத் தண்டு நாடி, நுரையீரல் நாளங்கள் அனைத்தும் வலப்பக்கம் சேர்தல் ஆகியவற்றைப் பெயர், ஷண்ட் திசை என்ற அளவில் எழுதினால் போதும்.

கடைசியில், திசை மாறும் ஷண்ட். மூடாத பெரிய வி.எஸ்.டி.யில் நுரையீரல் குழாய்கள் ஆண்டுகள் கடந்து தடித்து, அவற்றின் தடை உடற்தடையை மிஞ்சினால், இடமிருந்து வலம் ஓடியது வலமிருந்து இடமாகும். இதை 1897இல் விவரித்தவர் ஐசன்மெங்கர். அதற்குப் பிறகு துளையை மூடுவது ஆபத்து, ஏனெனில் வலது இதயவறைக்கு இருந்த ஒரே வடிகால் அதுதான். இந்த ஒரு வரிக்கே மதிப்பெண் உண்டு.