பணம் திருப்பித் தருவதா, மாற்றித் தருவதா, மறுப்பதா: நம் இரு கடைகளுக்கும் பொது வழிமுறை

காரைக்குடிக் கடை, கானாடுகாத்தான் கடை, கூரியர் ஆர்டர் பார்க்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து எழுதியது. தை 1 முதல் இதுதான் நடைமுறை.

இதை எழுத வேண்டி வந்த காரணம் உங்களுக்கே தெரியும். ஒரே மாதிரிச் சேலை, ஒரே மாதிரிச் சாயக் குறை. காரைக்குடியில் பணம் கொடுத்தோம், கானாடுகாத்தானில் "வித்த சாமானைத் திரும்ப எடுக்கமாட்டோம்" என்று அனுப்பினோம். சத்தம் போட்டவருக்கு ஒரு நியாயம், சங்கோஜப்பட்டு நின்றவருக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிட்டது. இனி முடிவு பொருளைப் பார்த்து வரவேண்டும், ஆளைப் பார்த்து அல்ல. பெரிய வீட்டு ஆச்சி காரில் வந்து இறங்கினாலும், பள்ளத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தவர் துணிப்பையோடு நின்றாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

முதலில் கேட்கவேண்டியவை

ஒன்று, குறை பொருளில் இருக்கிறதா, பயன்படுத்திய விதத்தில் வந்ததா? இரண்டு, பயன்படுத்தும் விதத்தை நாம் விற்கும்போது சொன்னோமா? மூன்று, அதே பொருள், அதே தரத்தில் இப்போது நம்மிடம் இருக்கிறதா?

குறை பொருளில் என்றால் பணமோ மாற்றுப் பொருளோ வாடிக்கையாளர் விருப்பம். நாம் "மாத்தித்தான் தருவோம்" என்று வற்புறுத்தக் கூடாது. கிரெடிட் சீட்டு எழுதிக் கையில் திணிப்பதும் கூடாது. மாற்றுப் பொருள் கைவசம் இல்லை என்றால் "அடுத்த வாரம் வாங்க" என்று இழுக்காமல் பணம்.

பயன்படுத்திய விதத்தில் வந்த குறை, ஆனால் நாம் சொல்லித் தரவில்லை என்றால் அது நம் குறைதான். மாற்றிக் கொடுங்கள். சொல்லியிருந்தோம், குறிப்புச் சீட்டும் பையில் போட்டோம் என்றால்தான் மறுக்கலாம். இந்த இரண்டாவது கேள்வியில்தான் நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். அதனால் சீட்டு போட்டதற்கு அடையாளமாக பில்லில் "கு.சீ." என்று எழுதுங்கள். அந்த எழுத்து இல்லாத பில்லோடு வந்தால் சீட்டு போடவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். "கண்டிப்பா போட்டிருப்பேன்" என்பது கணக்கில் சேராது.

சட்டம் சொல்வது

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் குறித்த கெடுவுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் இல்லை என்றால் 30 நாள். நம் பழைய பில் புத்தகத்தின் அடியில் இருக்கும் "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது" என்ற ரப்பர் ஸ்டாம்பை இரண்டு கடையிலும் எடுத்துவிடுங்கள். அந்த வரியைக் காட்டி மறுத்தால், வாடிக்கையாளர் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் போட்டால் நமக்குத்தான் வேலை. புது பில்லில் "குறை இருந்தால் 30 நாளுக்குள் பில்லோடு கொண்டுவாருங்கள்" என்று அச்சடித்திருக்கிறோம். பில் கொடுக்காமல் விற்பதும் அதே சட்டத்தில் தப்பு என்பதை மறக்கவேண்டாம்.

கண்டாங்கிச் சேலை

புகார் அதிகம் வருவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாக.

சாயம் போகிறது என்று வந்தால் வாய்ப்பேச்சில் முடிவு செய்யாதீர்கள். வெள்ளைக் காடாத் துணித் துண்டை நனைத்துப் பிழிந்து, கரையிலும் உடலிலும் தனித்தனியாக அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். அரக்கும் கறுப்பும் முதல் இரண்டு அலசலில் கொஞ்சம் விடும், அது இயல்பு. குறிப்புச் சீட்டில் அதைத்தான் எழுதியிருக்கிறோம்: தனியாக, பச்சைத் தண்ணீரில், கல்லுப்பு போட்டு, ஊறவைத்துவிட்டு மறந்துபோகாமல். அந்தச் சேலையின் கரைச் சாயமே அதன் உடலில் இறங்கி, மஞ்சள் கட்டம் செம்மண் நிறம் ஆகியிருந்தால் அது சாயக் குறை. எத்தனை முறை கட்டியிருந்தாலும், ஃபால்ஸ் தைத்திருந்தாலும், ரவிக்கைத் துணியை வெட்டியிருந்தாலும் எடுத்துக்கொள்ள வேண்டும். துவைத்தால் மட்டுமே தெரியும் குறையை, துவைத்ததற்காக மறுப்பது எந்த ஊர் நியாயம்?

சேலை நன்றாக இருக்கிறது, கூடப் போட்டுத் துவைத்த வெள்ளை வேட்டி கெட்டுப்போனது என்று வந்தால்: பில்லில் "கு.சீ." இருந்தால் மறுப்பு. இல்லை என்றால் சேலைக்கு மாற்று. வேட்டிக்கும் கேட்டால் மேலாளரிடம் அனுப்புங்கள். என் விருப்பம், வேட்டிக்கும் கொடுத்துவிடலாம் என்பதே.

கைத்தறியில் நூல் ஓரிடத்தில் தடித்திருக்கும், முடிச்சு தெரியும், கட்டம் ஒரு நூல் விலகும். இவை குறையல்ல. விற்கும்போதே விரித்துக் காட்டி, "இது தறியில கையால நெஞ்சது, இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டால் புகாரே வராது. நூல் அறுந்த ஓட்டை, எண்ணெய்க் கறை, பில்லில் எழுதிய நீளத்துக்குக் குறைவு: இவை குறை.

விசைத்தறிச் சேலை கைத்தறி என்று விற்கப்பட்டிருந்தால் பேச்சே கிடையாது. 30 நாள் கெடுவும் கிடையாது. முழுப் பணமும், வந்துபோன பஸ் செலவும். காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைச் சொல்லி விற்கிறோம் என்றால் பெயருக்கு உள்ளதைத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

"கலர் பிடிக்கல", "மருமக வேண்டாங்குறா" என்று வந்தால் அது குறையல்ல. மடிப்புக் கலையாமல், ஏழு நாளுக்குள் வந்தால் வேறு சேலை மாற்றிக்கொள்ளலாம், பணம் இல்லை. கூரியரில் போனதை இப்படித் திருப்பினால் அனுப்பும் செலவு அவருடையது. வாட்ஸாப்பில் நாம் அனுப்பிய படத்துக்கும் சேலைக்கும் நிறம் அப்பட்டமாக வேறு என்றால் மட்டும் இரு வழிச் செலவும் நம்முடையது. குழல் விளக்கு வெளிச்சத்தில் படம் எடுக்காதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது?

பலகாரம்

காரல் வாடை அடித்தால், வேறு ஏதாவது கிடந்தால், பாதிப் பாக்கெட் தின்றிருந்தாலும் பணம். வாதம் வேண்டாம், மோந்து பார்த்தால் உங்களுக்கே தெரியும். பணம் கொடுத்த கையோடு அதே தேதிப் பாக்கெட்டுகள் எல்லாவற்றையும் அலமாரியிலிருந்து இறக்குங்கள். திரும்பி வந்த பலகாரம் எதுவும், பாக்கெட் பிரிக்காததானாலும், மறுபடி விற்பனைக்குப் போகக் கூடாது.

சீப்புச் சீடையும் தேன்குழலும் நொறுங்கிப்போனதாக வரும். நாம் கட்டிக் கூரியரில் அனுப்பியது என்றால் புதிதாக அனுப்புங்கள். அவரே வாங்கிப் பையில் போட்டுச் சென்னைக்கு எடுத்துப்போனது என்றால் மறுப்பு. "ருசி பிடிக்கல" என்பதற்கும் மறுப்பு. மணகோலத்தில் இனிப்பு தூக்கல் என்பார்கள். அது வெல்லப்பாகு சேர்ந்த பலகாரம், வேறு எப்படி இருக்கும்?

ஆத்தங்குடி கல்

கண்ணாடி மேல் கையால் வார்த்து, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கும் கல் இது. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் சாயல் கொஞ்சம் மாறும். ஆர்டர் எடுக்கும்போதே மாதிரிக் கல் நாலைந்தைச் சேர்த்து வைத்துக் காட்டி, ஆர்டர் படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்து இருந்தால் சாயல் புகாருக்கு மறுப்பு.

இறக்கும்போது உடைந்தவை: மூன்று நாளுக்குள் படம் அனுப்பினால் அந்த எண்ணிக்கைக்கு மாற்று. அதே வார்ப்பில் கல் மீதம் இல்லை, புதிதாக வார்த்தால் நிறம் ஒட்டாது என்றால் அத்தனை கல்லுக்கும் பணம். தரையில் பதித்த பிறகு விரிசல் என்று வந்தால் யாரும் கடையிலிருந்தே பதில் சொல்லவேண்டாம். மேஸ்திரி ஒருவர் நேரில் போய்ப் பார்க்கட்டும். அடித்தளம் இறங்கியதா, கல்லே சரியில்லையா என்பது போட்டோவில் தெரியாது. ஆசிட் ஊற்றிக் கழுவி மினுமினுப்புப் போனதற்கு மறுப்பு, சீட்டு கொடுத்திருந்தால்.

பாத்திரம், கல்சட்டி

கல்சட்டியைப் பழக்காமல் எடுத்ததும் பெரிய தீயில் வைத்தால் வெடிக்கும். இங்கும் "கு.சீ." விதியேதான். அடுப்பில் ஏற்றாத சட்டியில் கீறல் என்றால் மாற்று. பித்தளை கறுப்பது குறையல்ல. ஈயம் பூசாத பித்தளையைச் சமையலுக்கு என்று விற்றிருந்தால் நம் செலவில் ஈயம் பூசிக் கொடுக்க வேண்டும், வேண்டாம் என்றால் பணம்.

சீர் சாமான் மொத்தமாக வாங்குபவர்கள் கல்யாணம் முடிந்து மிஞ்சியதைக் கொண்டுவருவார்கள். பேர் வெட்டாத, பெட்டி பிரிக்காத பாத்திரம் என்றால் 30 நாள் வரை வேறு பொருளுக்கு மாற்றலாம். பேர் வெட்டியதை எடுக்க முடியாது.

பில் இல்லாமல் வந்தால்

போன் நம்பர் கேட்டுக் கணினியில் தேடுங்கள். ஜிபே வரவு காட்டினால் அதுவே பில்லுக்குச் சமம். எதுவும் கிடைக்கவில்லை, ஆனால் நம் விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறது, குறையும் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் மாற்றுப் பொருள் மட்டும்.

யார் முடிவு செய்வது

₹1,000 வரை கவுண்டரில் நிற்பவரே "சரி" சொல்லலாம், யாரையும் கேட்கவேண்டாம். ₹5,000 வரை மேலாளர். அதற்கு மேல் எனக்கு போன். "முடியாது" என்பதை மட்டும், பத்து ரூபாய்ச் சாமானானாலும், மேலாளர்தான் சொல்லவேண்டும். தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றும். கவுண்டரில் கூட்ட நேரத்தில் சொல்லும் "முடியாது" பெரும்பாலும் பொருளைப் பார்க்காமல் சொல்வது.

மறுக்கும்போது காரணத்தைப் பொருளைக் காட்டிச் சொல்லுங்கள். "அக்கா, இந்தத் துணியில தேச்சுக் காட்டுறேன் பாருங்க, சாயம் இறங்கல. வேட்டியோட சேர்த்து ஊறவச்சதுல வந்தது. சீட்டுல எழுதிக் கொடுத்திருக்கோம். இதுக்கு மாத்தித் தர முடியல." அவ்வளவு போதும். "முதலாளி திட்டுவாரு", "கம்பெனி ரூல்" வேண்டாம். மறுத்த பிறகு அவர் குரல் உயர்ந்தது என்பதற்காக முடிவை மாற்றவும் வேண்டாம். புதிதாக ஏதாவது காட்டினால் மாற்றலாம்: பில், படம், இன்னொரு கறை.

பணம் கொடுக்கும் முறை

ரொக்கமாக வந்தது ரொக்கமாக, யுபிஐயில் வந்தது அதே கணக்குக்கு, கார்டில் வந்தது அதே கார்டுக்கு. வேறு நம்பருக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள், அதில் ஏமாற்று நடக்கிறது. அன்றைக்கே முடித்துவிடுங்கள். பில் போட்ட பொருளுக்கு கிரெடிட் நோட்டும் அன்றே எழுதினால்தான் ஜிஎஸ்டி கணக்கில் சரியாகும். மாதக் கடைசியில் கணக்குப்பிள்ளை தலையில் கட்டவேண்டாம்.

புகார் நோட்டு

ஒவ்வொரு புகாருக்கும் ஒரு வரி: தேதி, பில் எண், பொருள், நெசவாளர் அல்லது சப்ளையர் குறி, என்ன குறை, என்ன கொடுத்தோம், மறுத்தால் ஏன். திங்கட்கிழமைதோறும் இரண்டு கடை மேலாளர்களும் நோட்டின் படத்தை ஒருவருக்கொருவர் அனுப்புங்கள். ஒரே குறைக்கு இரு கடையில் இரண்டு முடிவு தெரிந்தால் அன்றே என்னைக் கூப்பிடுங்கள். தவறி மறுக்கப்பட்டவருக்கு நாமே போன் செய்து வரச்சொல்லுவோம். ஒரே நெசவாளர் குறியில் மூன்று சாயப் புகார் சேர்ந்தால் மீதிச் சேலைகளை இறக்கி வைத்துவிட்டு அவரிடம் பேசுகிறேன். அதுவரை அந்தக் கட்டில் ஒன்றும் விற்கவேண்டாம்.